பதில் போடாத ஆக்களுக்கு நினைவூட்டல் எப்பிடி எழுதுறது? (வரவேற்புக்கு 169 கதிரை தொங்கலில நிக்குது)

வதனி_ஸ்காபரோ | ஜூலை 20, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்ட் 22 சனிக்கிழமை தங்கச்சியின்ர கலியாணம். காலமை கோயிலில தாலிகட்டு, பின்னேரம் மண்டபத்தில வரவேற்பு. கோயிலுக்கு ஆர் வந்தாலும் சமாளிக்கலாம். மண்டபம்தான் தலையிடி. மொத்தம் 96 குடும்பம், 318 பேருக்குக் காட் குடுத்தாச்சு. அதில 44 குடும்பம்தான் பதில் சொல்லியிருக்கு, 131 பேர் வருகினம். மிச்சம் 52 குடும்பம், 169 கதிரை, ஒரு சத்தமும் இல்லை.

மண்டபத்துக்கு ஆகஸ்ட் 12 புதன்கிழமை கடைசி எண்ணிக்கை குடுக்கவேணும். 240 பேருக்குக் குறைஞ்சாலும் 240க்குத்தான் காசு. தலைக்கு 90 டொலர், அதுக்கு மேல 15 வீதம் சேவைக் கட்டணம், பிறகு 13 வீத எச்எஸ்டி. கூட்டிப் பாத்தால் ஒரு கதிரை கிட்டத்தட்ட 117 டொலர். இருபது பேர் வாறம் எண்டு சொல்லிப்போட்டு வராட்டி 2,340 டொலர் சும்மா போகும்.

காட்டில "தங்கள் வருகையை உறுதிப்படுத்தவும்" எண்டு போட்டு அம்மாவின்ர நம்பரும் ஒரு கூகுள் படிவத்தின்ர இணைப்பும் குடுத்திருக்கிறம். இப்ப பதில் போடாத ஆக்களுக்கு இப்பிடி அனுப்பலாம் எண்டு எழுதி வைச்சிருக்கிறன்:

> அன்புடையீர், எமது அழைப்பிதழ் கிடைத்திருக்கும் என நம்புகிறோம். தங்கள் வருகையை இதுவரை தாங்கள் உறுதிப்படுத்தவில்லை. மண்டபத்தினருக்கு எண்ணிக்கை வழங்க வேண்டியிருப்பதால் உடனடியாகக் கீழுள்ள இணைப்பில் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

அம்மா வாசிச்சிட்டு "இது வங்கிக் கடிதம் மாதிரிக் கிடக்கு, அனுப்பாதை" எண்டுறா. தம்பி "இதில என்ன பிழை" எண்டுறான். என்ன செய்யலாம்?

---

கோவை_சரவணன் | ஜூலை 20, இரவு 11.05

வாழ்த்துகள்ங்க அக்கா. நாங்க இதையெல்லாம் கேக்கறதே இல்லைங்க. பத்திரிகை வெச்சாச்சுன்னா முடிஞ்சுது. சமையல் மாஸ்டர் கிட்ட எத்தனை இலைன்னு மட்டும்தான் சொல்லுவோம். ஆயிரம் பேரைக் கூப்பிட்டா முகூர்த்தத்துக்கு இவ்வளவு, ரிசப்ஷனுக்கு இவ்வளவுன்னு அவரே கணக்குப் போட்டுருவாரு. மொத்தத்துல ஒரு கால்வாசியக் கழிச்சுட்டு மண்டபத்துல சொல்லிருங்க. எதுக்குங்க ஒவ்வொருத்தரையா தொந்தரவு பண்ணிக்கிட்டு?

---

முன்னாள்_மண்டபம் | ஜூலை 21, காலை 7.15

சரவணன் தம்பி சொல்லுறது பந்திக்குச் சரி. பந்தியில அண்டாவில சமைச்சு, பந்தி பந்தியா இருத்தி எழுப்புறது. முப்பது பேர் கூட வந்தால் இன்னும் ஒரு பந்தி, சாம்பாரைக் கொஞ்சம் நீட்டினால் சரி. இஞ்சை அப்பிடியில்லை. பத்துப் பேருக்கு ஒரு வட்ட மேசை, மேசைக்கு நம்பர், வாசலில பெயர்ப் பட்டியல். மொத்தத்தில கால்வாசியைக் கழிச்சாலும் எந்த மேசையில எந்தக் கதிரை வெறுமை எண்டு அந்தக் கணக்குச் சொல்லாது. பத்துப் பேர் இருக்கவேண்டிய மேசையில மூண்டு பேர் தனிச்சு இருப்பினம், பக்கத்து மேசையில பிள்ளையை மடியில வைச்சுக்கொண்டு சாப்பிடுவினம். வதனிக்குத் தேவை மொத்தம் இல்லை, பெயர்.

வதனி தங்கச்சி, நான் கனகாலம் இந்த நகரத்தில மண்டபத்தில நிண்டு எண்ணிக்கை வாங்கினவன். உங்கட அம்மா சொன்னது சரி. ஆனால் செந்தமிழ் எண்டதால இல்லை. அந்தக் கடிதத்தில நாலு ஓட்டை இருக்கு.

ஒண்டு, "வருகையை உறுதிப்படுத்தவும்" எண்டால் மாமா "நாங்கள் வராமல் விடுவமே" எண்டு சிரிச்சுப்போட்டு விட்டிடுவார். அது கேள்வியே இல்லை. எத்தனை பேர் எண்டு கேட்டால்தான் ஒரு எண் வரும். "குடும்பத்தினர்" எண்டு காட்டில போட்டால் மூத்த மகன், மருமகள், அவையின்ர பிள்ளையள், ஊரில இருந்து வந்து நிக்கிற மாமியார் எல்லாரும் குடும்பம்தான். உங்கட கணக்கில நாலு, அவையின்ர கணக்கில ஏழு.

ரெண்டு, திகதி இல்லை. "உடனடியாக" எண்டுறது திகதி இல்லை, அது அதட்டல்.

மூண்டு, "இதுவரை தாங்கள் உறுதிப்படுத்தவில்லை" எண்டுறது குற்றப்பத்திரிகை. வாசிக்கிற ஆளுக்கு முதல் வாற எண்ணம் "நான் என்ன பிழை விட்டனான்" எண்டதுதான். அதுக்குப் பிறகு பதில் இன்னும் பிந்தும்.

நாலாவதுதான் பெரிசு. வரேலாத ஆளுக்கு அந்தக் கடிதத்தில வாசல் இல்லை. எங்கட ஆக்கள் நல்ல காரியத்துக்கு "வரமாட்டம்" எண்டு வாயால சொல்லாயினம், எழுத இன்னும் கூச்சம். பதில் போடாத 52இல அரைவாசி மறதி, மிச்சம் இல்லை எண்டு சொல்லத் தெரியாத ஆக்கள். அவைக்குச் சொல்லுறதுக்கு ஒரு வசனத்தை நீங்களே எடுத்துக் குடுக்கவேணும்.

இப்பிடி எழுதிப் பாருங்கோ:

> வணக்கம் மாமா, மாமி. நான் வதனி. தங்கச்சியின்ர வரவேற்புக்கு (ஆகஸ்ட் 22, சனி பின்னேரம்) உங்கட பெயரில 4 கதிரை வைச்சிருக்கிறம்: நீங்கள் ரெண்டு பேரும், மூத்தவரும், சின்னவவும். எத்தனை பேர் வாறியள் எண்டு 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் எனக்கு ஒரு வரி போட்டுவிடுங்கோ. அதுக்குப் பிறகுதான் மேசை ஒழுங்கு போடுறம். அந்த நாள் வசதிப்படாட்டியும் சொல்லுங்கோ, ஒண்டும் நினைக்கமாட்டம்.

நாலு கதிரை எண்டு எழுதி, ஆர் ஆர் எண்டும் எழுதினால் ஏழு பேர் வாற பிரச்சினையும் அதிலயே முடிஞ்சிடும். பிள்ளையளின்ர உண்மையான பெயரைப் போடுங்கோ. பெயர் தெரியாட்டி அம்மாட்டைக் கேளுங்கோ, பிழையாப் போட்டால் அதை வேற ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவினம்.

---

நிரோ | ஜூலை 21, காலை 8.50

இவ்வளவு தேன் தடவத் தேவையில்லை. காட் குடுத்து ஒரு மாதம். ஒரு வரி எழுத நேரமில்லையே? "26ஆம் திகதிக்குள் பதில் இல்லாட்டி கதிரை இல்லை." முடிஞ்சுது கதை.

---

முன்னாள்_மண்டபம் | ஜூலை 21, காலை 9.20

நிரோ, கடைசியில அந்த இடத்துக்கும் வரலாம். ஆனால் முதல் நினைவூட்டலிலயே அதைச் சொன்னால் பிறகு சொல்ல ஒண்டும் மிஞ்சாது.

வதனி, திகதியைப் பற்றி இன்னும் ஒண்டு. ஆகஸ்ட் 3 திங்கள் இஞ்சை விடுமுறை, நீண்ட வார இறுதி. அதுக்குள்ள கடைசித் திகதியைப் போட்டால் சனம் கொட்டேஜில நிக்கும், ஒருத்தரும் பாக்கமாட்டினம். அதுதான் 26 எண்டு சொன்னனான். 26இல இருந்து 12 மட்டும் உங்களுக்கு இரண்டரைக் கிழமை கையில இருக்கு. அந்த நேரம் முழுக்கத் துரத்துறதுக்குத் தேவைப்படும். மண்டபத்தின்ர திகதியை மட்டும் விருந்தாளிக்குச் சொல்லாதேங்கோ. 12 எண்டு தெரிஞ்சால் 11ஆம் திகதி ராவுதான் பதில் வரும்.

---

ராஜி_டீச்சர் | ஜூலை 21, பகல் 1.30

நான் மற்றப் பக்கத்தில இருந்து எழுதுறன். வயது எழுபதுக்கு மேல. என்ர மேசையில இப்பவும் மூண்டு காட் கிடக்கு, ஒண்டுக்கும் பதில் போடேல்லை. ஏன் எண்டு சொல்லுறன்.

ஒரு காட்டில வெறும் இணைப்பு. இணைப்பை அமத்தினால் காசு போகும் எண்டு என்ர மகனே எனக்குப் படிப்பிச்சவன். நான் அமத்தமாட்டன். இன்னொண்டில இருக்கிற நம்பர் பிள்ளையின்ர சிநேகிதியின்ர நம்பராம். எனக்கு அந்தப் பிள்ளையைத் தெரியாது, என்னெண்டு எடுத்துக் கதைக்கிறது? மூண்டாவது, என்னைக் கூட்டிக்கொண்டு போறது மகன். அவனுக்கு அந்தச் சனிக்கிழமை வேலையோ இல்லையோ எண்டு அவனுக்கே தெரியாது. எனக்கு வர விருப்பம், ஆனால் என்னால தனிய வாறன் எண்டு சொல்லேலாது.

ஆகவே பிள்ளை, என்னை மாதிரி ஆக்களுக்கு ஒரு வரியும் அனுப்பாதேங்கோ. உங்கட அம்மா எடுத்துக் கதைக்கட்டும். கதைக்கேக்க "வாறியளோ" எண்டு கேக்காமல் "உங்களை ஆர் கூட்டிக்கொண்டு வருகினம்" எண்டு கேக்கச் சொல்லுங்கோ. உண்மையான பதில் அதில வரும்.

---

சுகி_லண்டன் | ஜூலை 21, மாலை 4.10

ஐயோ இந்தக் கதை எனக்கு நல்லாத் தெரியும்! எங்கட மச்சாள் தன்ர மகளின்ர சாமத்தியவீட்டுக்கு வட்சப் குடும்பக் குழுவில வாக்கெடுப்புப் போட்டவ. "வருவோம் / வரமாட்டோம் / பார்க்கிறோம்" எண்டு. ஆர் எதுக்குக் குத்தினவை எண்டு எல்லாருக்கும் பெயரோட தெரியும்தானே. சித்தப்பா "பார்க்கிறோம்" எண்டு குத்த, அதைப் பாத்த மற்றச் சித்தப்பாவும் அதுக்கே குத்தினார். பிறகு குழுவில இருக்கிற, ஆனால் அழைக்காத ரெண்டு குடும்பம் "எங்களுக்குக் காட் வரேல்லையே" எண்டு கேட்டு, கடைசியில அவைக்கும் காட் குடுக்கவேண்டி வந்திட்டுது. அதோட மண்டபம் மாத்தவேண்டி வந்தது வேற கதை. அலங்காரக்காரர் காசு திருப்பித் தரேல்லை, அதைப் பற்றி ஆருக்கும் ஏதாவது தெரியுமா? முற்பணம் திரும்ப வாங்க வழி இருக்கா?

---

வதனி_ஸ்காபரோ | ஜூலை 21, இரவு 8.00

சுகி அக்கா, அலங்காரக்காரருக்கு வேற ஒரு இழை திறவுங்கோ ப்ளீஸ். ஆனால் குழுவில கேக்கிற யோசனை எனக்கும் இருந்தது, நல்லகாலம் சொன்னியள்.

டீச்சர், நீங்கள் எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினனான். "நான் அப்பவே சொன்னனான்" எண்டு ஒரே புழுகம். அப்ப 52ஐயும் பிரிக்கிறன். பெரியாக்கள் 19 குடும்பம் அம்மாவின்ர போனுக்கு. மச்சான் மச்சாள்மார், வேலையிடத்து ஆக்கள் 33 எனக்கு. முப்பத்திமூண்டு பேருக்கும் தனித்தனிய எழுதவேணுமா? வட்சப்பில ஒலிபரப்புப் பட்டியல் எண்டு ஒண்டு இருக்கே, ஒரே அமத்தலில போகாதா?

---

முன்னாள்_மண்டபம் | ஜூலை 21, இரவு 10.15

போகும், ஆனால் உங்கட நம்பரைத் தங்கட போனில சேமிச்சு வைச்சிருக்கிற ஆக்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். சேமிக்காத ஆளுக்கு வராது, நீங்கள் அனுப்பினனான் எண்டு நினைச்சுக்கொண்டு இருப்பியள். அதோட ஒலிபரப்பில பெயர் போடேலாது, "உங்கட பெயரில 4 கதிரை" எண்டும் எழுதேலாது. அந்த ரெண்டையும் எடுத்திட்டால் அந்த வசனத்தில உயிர் இல்லை.

செய்தியை ஒருக்கா எழுதி வைச்சுக்கொண்டு, பெயரையும் கதிரைக் கணக்கையும் மாத்தி மாத்தி ஒட்டுங்கோ. ஒருத்தருக்கு அனுப்பினதை அப்பிடியே அடுத்தவருக்குத் தள்ளிவிடாதேங்கோ, மேல பார்வர்டு எண்டு அடையாளம் விழும். அதைப் பாத்தால் சனம் காலை வணக்கப் படத்தோட சேத்து ஒதுக்கிவிடும். 33 பேருக்கு ஒட்டி அனுப்ப ஒரு மணித்தியாலம் போகும், அவ்வளவுதான்.

அனுப்பிற நேரம், வியாழன் பின்னேரம் எட்டு மணிக்குப் பிறகு. சாப்பிட்டு ஆறியிருப்பினம், வார இறுதிக்கு என்ன செய்யிறது எண்டு வீட்டில கதைக்கிற நேரம். திங்கட்கிழமை காலமை அனுப்பினால் வேலைக்குப் போற அவதியில வாசிச்சுப்போட்டு மறந்திடுவினம்.

---

மீனாட்சி_ஓஎம்ஆர் | ஜூலை 22, காலை 10.30

குறுக்கே கேக்கறேன், மன்னிக்கணும். எங்களுக்கு டிசம்பர்ல மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்ல கல்யாணம். எங்க பிரச்சனை சாப்பாடு இல்ல, ரூம். எத்தனை ரூம்னு முன்னாடியே சொல்லணும். இதே மெசேஜ் சரியா வருமா?

---

முன்னாள்_மண்டபம் | ஜூலை 22, பகல் 12.10

வராது பிள்ளை. உங்களுக்கு ஆள் கணக்கை விட இரவுக் கணக்கு முக்கியம். "வர்றீங்களா" எண்டு கேட்டால் எல்லாரும் ஆம் எண்டுவினம், பாதிப் பேர் சென்னையில இருந்து காலமை காரில வந்திட்டுப் பின்னேரம் திரும்பிடுவினம். அறை வெறுமையாக் கிடக்கும். "முதல் நாள் ராத்திரி தங்குறீங்களா, காலைல நேரா வர்றீங்களா" எண்டு கேளுங்கோ. ரெண்டில எதைச் சொன்னாலும் வாறது உறுதி, அறையும் தெரிஞ்சிடும். ரெண்டுக்கும் பதில் சொல்லாமல் மழுப்பினால் அது வேற கதை. அந்தப் பக்கத்து ரிசார்ட்டுகளின்ர ஒப்பந்தம் எப்பிடி எண்டது எனக்குத் தெரியாத விசயம், அதை அங்கத்தை ஆக்களிட்டைக் கேளுங்கோ.

---

வதனி_ஸ்காபரோ | ஜூலை 24, இரவு 9.15

நேத்து எட்டரைக்கு அனுப்பத் தொடங்கினனான். படுக்கப் போகமுதல் 11 பேர் பதில். ஆனால் அதில அஞ்சு பேரின்ர பதிலைப் பாருங்கோ:

"கட்டாயம் வருவம்" (எத்தனை பேர் எண்டு இல்லை)
"வரப் பாக்கிறம்"
"கடவுள் விட்டால் சந்திப்பம்"
ஒரு கும்பிடுற கை, வேற ஒண்டும் இல்லை
"Congrats da!!"

இதுகளை நான் என்னெண்டு எழுதுறது? அதோட நல்லூர்த் திருவிழா நடக்கிற நேரம், கொடியேறினால் மச்சம் சாப்பிடாத ஆக்கள் கன பேர். மரக்கறி எத்தனை எண்டும் கேக்கவேணும். அதையும் சேத்தே கேட்டிருக்கலாமோ?

---

நிரோ | ஜூலை 24, இரவு 9.30

"வரப் பாக்கிறம்" எண்டால் வரேல்லை. வெட்டுங்கோ.

---

ராஜி_டீச்சர் | ஜூலை 25, காலை 6.40

தம்பி நிரோ, அப்பிடி வெட்டேலாது. சொல்லுற ஆளைப் பொறுத்தது. என்ர தமக்கை எல்லாத்துக்கும் "பாக்கிறன்" எண்டுதான் சொல்லுவா, அரை மணித்தியாலம் முந்திப்போய் முன் வரிசையில இருப்பா. வாய் நிறைய "கட்டாயம்" எண்டு சொல்லுறவைதான் வாறேல்லை.

---

முன்னாள்_மண்டபம் | ஜூலை 25, காலை 8.00

ரெண்டு பேரும் ஊகிக்கிறியள். ஊகிக்கத் தேவையில்லை. "வரப் பாக்கிறம்" எண்டு வந்தவுடன, சூடு ஆறமுதல், இப்பிடிப் போடுங்கோ:

> சந்தோசம் அண்ணா. அப்ப ரெண்டு கதிரை உங்களுக்கு எண்டு எழுதட்டோ? மாறினால் ஆகஸ்ட் 8க்கு முதல் சொல்லுங்கோ, மாத்தலாம்.

கதிரையில பெயர் எழுதப் போகினம் எண்டு கண்டவுடன உண்மை வெளியில வரும். ஒண்டில் "ஓம் எழுதும்" எண்டு வரும், இல்லாட்டி "பொறும் தங்கச்சி, இவரைக் கேட்டிட்டுச் சொல்லுறன்" எண்டு வரும். கும்பிடுற கைக்கும் அதே கேள்விதான். "கட்டாயம் வருவம்" எண்டவைக்கு "நாலு பேருமோ?" எண்டு ரெண்டே சொல். ஆங்கிலத்தில வாழ்த்துச் சொன்ன பெடியன் காட்டைத் திறந்தே பாக்கேல்லை. அவனுக்கு நாள், நேரம், இடம் மூண்டையும் திருப்பி எழுதி, அவன் கதைக்கிற பாசையிலயே கேளுங்கோ.

மரக்கறியைச் சேத்துக் கேக்காதது நல்லது. ஒரு செய்தியில ரெண்டு கேள்வி கேட்டால் சுகமான கேள்விக்கு மட்டும் பதில் வரும். "ரெண்டு மரக்கறி" எண்டு வரும், மொத்தம் எத்தனை பேர் எண்டு வராது. எண்ணிக்கை சொன்ன ஆளுக்கு நன்றி சொல்லேக்க அடுத்ததாக் கேளுங்கோ: "நன்றி அண்ணா, நாலு பேரில மரக்கறி எத்தனை? நல்லூர் விரதம் எண்டாலும் சொல்லுங்கோ." வாறன் எண்டு சொன்ன ஆள் இதுக்குப் பதில் போடாமல் விடுறது குறைவு.

---

சுகி_லண்டன் | ஜூலை 25, மாலை 3.00

மரக்கறி மேசை எண்டு தனிய ஒரு மேசை போட்டால் என்ன? எல்லாரையும் அதில இருத்தலாம்.

---

முன்னாள்_மண்டபம் | ஜூலை 25, மாலை 5.45

கணவன் ஒரு மேசை, மனுசி ஒரு மேசையோ சுகி? பரிமாறுற ஆக்களுக்குக் கதிரை நம்பர் குடுத்தால் போதும், மேசையை உடைக்கத் தேவையில்லை.

---

வதனி_ஸ்காபரோ | ஜூலை 30, இரவு 10.20

இண்டைக்கு நிலவரம்: 52இல 22 குடும்பம் தெளிவாப் பதில். 66 கதிரையில 57 பேர் வருகினம். மொத்தம் 188. இன்னும் 30 குடும்பம், 103 கதிரை. இதில கூடப் பேர் அம்மாவின்ர பட்டியல். அம்மா எடுக்கிறா, முக்கால் மணித்தியாலம் கதைக்கிறா, வைச்ச பிறகு "எத்தனை பேராம்?" எண்டு கேட்டால் "அதைக் கேக்க மறந்துபோனன்" எண்டுறா.

இன்னொரு சிக்கல். பட்டியலில இருக்கிற ஒரு மாமா வீட்டில இந்த மாதம் செத்தவீடு. துடக்கு கழியாது எண்டு நினைக்கிறன், அந்தியேட்டி எப்ப எண்டு சரியாத் தெரியாது. அவையிட்டை "வாறியளோ" எண்டு கேக்கிறது சரியில்லை. கேக்காமல் விட்டால் "எங்களைத் தள்ளி வைச்சிட்டினம்" எண்டு நினைப்பினம். என்ன செய்ய?

---

ராஜி_டீச்சர் | ஜூலை 31, காலை 7.00

பிள்ளை, அந்த வீட்டுக்கு எண்ணிக்கை கேட்டு எடுக்கவே கூடாது. முதல் சுகம் விசாரிக்க எடுக்கவேணும், அதுவும் அம்மா இல்லை, அப்பா. அந்தியேட்டி எண்டைக்கு எண்டு கேட்டு, ஏலுமெண்டால் அதுக்குப் போட்டு வாங்கோ. 31ஆம் நாள் கலியாணத்துக்கு முதலோ பிறகோ எண்டு அதிலயே தெரிஞ்சிடும். முதல் எண்டாலும் சில வீடுகளில ஒரு வருசத்துக்கு நல்ல காரியங்களுக்குப் போகாயினம். போகவேணுமோ விடவேணுமோ எண்டதை அவை தீர்மானிக்கட்டும். அப்பா இவ்வளவு சொன்னால் போதும்: "உங்கட கதிரை இருக்கு. மனம் வந்தால் வாங்கோ, இல்லாட்டி பொம்பிளை மாப்பிள்ளையை நாங்கள் கூட்டிக்கொண்டு வாறம்." அதுக்கு மேல ஒரு சொல்லும் வேண்டாம்.

அம்மாவுக்கு ஒரு வழி. போன் எடுக்கேக்க பக்கத்தில ஒரு கொப்பியும் பேனையும் வையுங்கோ. பெயருக்கு நேர ஒரு பெட்டி. பெட்டி நிரம்பாமல் போனை வைக்கக்கூடாது எண்டு பேரப்பிள்ளை ஒண்டைக் காவலுக்கு இருத்துங்கோ.

---

முன்னாள்_மண்டபம் | ஜூலை 31, காலை 9.30

டீச்சர் சொன்னதுக்கு மேல நான் ஒண்டும் சொல்ல இல்லை. அந்த வீட்டுக்கு ரெண்டு கதிரைக் காசை மறந்திடுங்கோ.

மற்றவைக்கு ரெண்டாவது நினைவூட்டல் இப்ப அனுப்பலாம். முதல் அனுப்பினதைத் திருப்பி அனுப்பாதேங்கோ, "ஞாபகப்படுத்துறன்" எண்ட சொல்லே வேண்டாம். புதுசா ஏதாவது ஒரு செய்தி அதில இருக்கவேணும். மேசைதான் நல்ல செய்தி:

> மாமி, மேசைப் பட்டியல் எழுதிக்கொண்டு இருக்கிறன். உங்களைப் பெரியம்மா ஆக்களோட ஒரே மேசையில போட்டிருக்கிறன். நாலு பேருமா, ரெண்டு பேரா?

இதில மாமி மூண்டு விதமாப் பதில் சொல்லலாம். நாலு, ரெண்டு, அல்லது "பெரியம்மாவோட வேண்டாம்". மூண்டாவதும் நல்ல பதில்தான், வாறா எண்டு தெரிஞ்சிட்டுது.

முதல் செய்தியில வரேலாட்டியும் சொல்லலாம் எண்டு வாசல் வைச்சாச்சு. இதில அதைத் திருப்பி எழுதத் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் "வராட்டியும் பரவாயில்லை" எண்டால் நீ வராதை எண்டு சொல்லுற மாதிரிக் கேக்கத் தொடங்கும்.

---

கோவை_சரவணன் | ஆகஸ்ட் 1, இரவு 10.00

இதைப் படிச்சுட்டு எங்க அப்பா கிட்டச் சொன்னேங்க. "பத்திரிகை வெச்ச வீட்டுக்கு போன் பண்ணி எத்தனை பேருன்னு கேட்டா, சோத்துக்குக் கணக்குப் பாக்கறான்னு பேசுவாங்க"ன்னாரு. அங்க அப்படி யாரும் நினைக்க மாட்டாங்களா?

---

ராஜி_டீச்சர் | ஆகஸ்ட் 2, காலை 6.30

நினைப்பினம் தம்பி. நானே முதல் முறை அப்பிடித்தான் நினைச்சனான். அதுதான் சாப்பாடு, காசு, மண்டபம் எண்ட பேச்சையே எடுக்கக்கூடாது. கதிரை, மேசை, ஆர் பக்கத்தில ஆர் எண்டு கேட்டால் மரியாதையாத் தெரியும்.

---

வதனி_ஸ்காபரோ | ஆகஸ்ட் 10, இரவு 9.00

மேசைச் செய்தி நல்லா வேலை செய்தது. 30இல 24 குடும்பம் சொல்லிட்டினம், 82 கதிரையில 61 பேர் வருகினம். மொத்தம் 249. மாமா வீட்டைக்கு அப்பா அந்தியேட்டிக்குப் போட்டு வந்தவர், அவை வரேல்லை எண்டு தாங்களே சொல்லிட்டினம், அந்த 24க்குள்ள அதுவும் இருக்கு.

மிச்சம் 6 குடும்பம், 21 கதிரை. ரெண்டு நினைவூட்டலும் போன் அழைப்பும் போயிட்டுது. நீல அடையாளம் விழுந்திருக்கு, பதில் இல்லை. நாளையிண்டைக்கு எண்ணிக்கை குடுக்கவேணும். நிரோ அண்ணா சொன்னதை இப்ப அனுப்பலாமா?

---

நிரோ | ஆகஸ்ட் 10, இரவு 9.10

கடைசியா என்ர முறை வந்திட்டுது. 249 குடுங்கோ. 21க்கும் ஒரு வரி: "பதில் வராததால உங்களைச் சேர்க்கேல்லை."

---

முன்னாள்_மண்டபம் | ஆகஸ்ட் 10, இரவு 10.40

சேர்க்கேல்லை எண்டு எழுதினால் தண்டனை. நீங்கள் அவைக்காக "இல்லை" எண்டதைச் சொல்லிவிடுறமாதிரி எழுதலாம்:

> அண்ணா, நாளைக்குப் பின்னேரம் எண்ணிக்கை முடிக்கிறம். அதுக்குள்ள உங்களிட்டை இருந்து தகவல் வராட்டி, இந்த முறை வசதிப்படேல்லை எண்டு எடுத்துக்கொள்ளுறம். பிறகு ஒரு நாள் வீட்டை வாங்கோ, பொம்பிளை மாப்பிள்ளையைப் பாக்கலாம்.

இதை ஆறு பேருக்கும் அனுப்பாதேங்கோ. உங்கட வயதுக்காரருக்கு மட்டும். பெரியாக்களுக்கு இப்பிடி எழுதினால் அதைப் படம் பிடிச்சு ஊர் முழுக்கக் காட்டுவினம்.

எண்ணிக்கைக்கு முதல் உங்கட ஒப்பந்தத்தைப் பாருங்கோ. எங்கட இடத்தில கடைசி எண்ணிக்கைக்குப் பிறகு குறைக்கேலாது, கொஞ்சம் கூட்டலாம். உங்கட இடத்திலயும் அப்பிடியெண்டால் 270 குடுக்கவேண்டிய அவசியம் இல்லை.

---

வதனி_ஸ்காபரோ | ஆகஸ்ட் 11, இரவு 11.30

பாத்தனான். கலியாணத்துக்கு மூண்டு நாளைக்கு முதல் வரைக்கும் ஒரு மேசை கூட்டலாமாம், குறைக்கேலாதாம். ஆறில நாலு வீடு என்ர வயதுக்காரர். அவைக்கு அனுப்பினதில ஒருத்தர் "சொறி, வேலை" எண்டு போட்டிட்டார், அவர் 4 கதிரை. மற்ற மூண்டும் அப்பிடியே கிடக்கு. பெரியாக்கள் ரெண்டு வீடு, 7 கதிரை. அம்மா "அவை சொல்லமாட்டினம், ஆனால் வருவினம்" எண்டு அடிச்சுச் சொல்லுறா. 256 குடுக்கலாம் எண்டு இருக்கிறம், 26 மேசை.

---

நிரோ | ஆகஸ்ட் 11, இரவு 11.40

அந்த 7க்கும் ஏறக்குறைய 820 டொலர். அம்மாவின்ர வாக்குக்கு நல்ல விலை.

---

ராஜி_டீச்சர் | ஆகஸ்ட் 12, காலை 6.15

256 சரி. அம்மாவுக்குத் தெரியும்.

வதனி, உங்களைப் பாத்து நானும் என்ர மேசையில கிடந்த மூண்டு காட்டில ரெண்டுக்குப் பதில் சொல்லிட்டன். மிச்சமான ஒண்டில இன்னும் அந்தச் சிநேகிதிப் பிள்ளையின்ர நம்பர்தான் இருக்கு.